குன்னூர் அலுவலகத்துக்கு ஆக்டிவ் சில்டு பீம்: காற்று எவ்வளவு, தண்ணீர் எத்தனை டிகிரி?

கேள்வி: குன்னூரில் 20 பேர் உட்காரும் 200 சதுர மீட்டர் அலுவலகம். சீலிங்கில் குளிர்ந்த தண்ணீர் ஓடும் காயில் வழியாக அறைக் காற்றை இழுத்துக் குளிர்விக்கும் ஆக்டிவ் சில்டு பீம் போட்டால், அதற்குள் ஊதும் பிரைமரி ஏர், தண்ணீர் வெப்பநிலை எப்படி முடிவு செய்வது? குளிர்ந்த ஊர்தானே, தண்ணீர் சொட்டாது இல்லையா?

பதில்:

சொட்டும். ஐப்பசி மழையில் மேகம் ஜன்னல் வரை வந்து நிற்கும்போது வெளியே 18 டிகிரிதான் இருக்கும், ஆனால் மூடுபனி என்றால், காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையான டியூ பாயின்ட்டும் அதே 18. பீமுக்குப் போகும் தண்ணீரோ 16. கோவையில் ஏசி ஓடும்போது யாரும் ஜன்னலைத் தொடமாட்டார்கள். இங்கே யாராவது திறந்துவிடுவார்கள்.

கணக்கைக் காற்றிலிருந்து தொடங்குங்கள். பீமின் காயில் உலர்ந்தே ஓட வேண்டும், ஆகவே அறையின் ஈரத்தை எடுப்பது பிரைமரி ஏர் மட்டும்தான். ஒருவர் மணிக்குச் சுமார் 80 கிராம் ஈரம் விடுவார், 20 பேருக்கு 1,600 கிராம். அறையை 24 டிகிரியில், டியூ பாயின்ட் 14-ல் வைத்து, பிரைமரி ஏரைத் தயாரிக்கும் இயந்திரமான ஏ.எச்.யூ.வில் காற்றை 11 டியூ பாயின்ட்டுக்கு உலர்த்தினால் ஒரு கன மீட்டர் சுமார் 2.2 கிராம் எடுத்துப்போகும். அப்படியானால் மணிக்கு 730 கன மீட்டர், அதாவது விநாடிக்கு 200 லிட்டர். சுவாசிக்க மட்டும் என்றால் இதில் பாதி போதும். இந்த உலர்த்தலுக்கு ஏ.எச்.யூ.வுக்கு 6-7 டிகிரி தண்ணீர் தனிச் சுற்றில் வேண்டும்.

மலை இங்கேதான் வேலையைக் காட்டும். ஈரத்துக்கு வேண்டிய லிட்டர் சமவெளியிலும் இதே அளவுதான். ஆனால் குன்னூரின் 1,850 மீட்டர் உயரத்தில் காற்றின் எடை சுமார் 20% குறைவு. 14 டிகிரியில் வரும் அந்த 200 லிட்டர் கீழே 2.4 கிலோவாட் குளிர்விக்கும், இங்கே 1.9-தான். காயில் வழியாக இழுக்கப்படும் அறைக் காற்றும் அதேபோல் லேசானது.

ஆட்கள், கம்ப்யூட்டர், விளக்கு, மேற்கு வெயில் எல்லாம் சேர்த்து 7.6 கிலோவாட் என்று வையுங்கள். காற்று எடுக்கும் 1.9 போக 5.7 தண்ணீர் பக்கம் விழும். 12 பீம் போட்டால் ஒன்றுக்கு 475 வாட். தண்ணீர் 16-ல் போய் 19-ல் திரும்பும் என்றால் சராசரிக்கும் அறைக்கும் வித்தியாசம் 6.5 டிகிரி. அந்த வித்தியாசத்தில், பீம் ஒன்றுக்கு விநாடிக்கு 17 லிட்டர் காற்றில், கேட்டலாக் தண்ணீர் பக்கம் 550 வாட்டுக்கு மேல் காட்டும் பீமை எடுங்கள். கேட்டலாக் எண்கள் பெரும்பாலும் கடல் மட்டத்துக்கானவை. உயரத்துக்குத் திருத்திய எண்ணைக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். 'வித்தியாசம் ஒன்றும் வராது சார்' என்பவரிடம் வாங்காதீர்கள்.

தண்ணீரை 14-க்கு இறக்கி பீம் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வார்கள், ஒத்துக்கொள்ளாதீர்கள். அறையில் டியூ பாயின்ட் சென்சார் வைத்து, தண்ணீர் அதைவிட எப்போதும் 1.5 டிகிரியாவது மேலே நிற்கும்படி கலவை வால்வை ஓட்டுங்கள். ஜன்னலுக்கு ஒரு சுவிட்ச் போடுங்கள்: திறந்தால் அந்தப் பகுதி பீமின் தண்ணீர் நிற்கும், காற்று தொடரும். காலையில் ஏ.எச்.யூ. அரை மணி நேரமாவது ஓடி அறை உலர்ந்த பிறகே தண்ணீர் திறக்க வேண்டும்.

பீம் சொட்டும் முன்பே தண்ணீர் உள்ளே வரும் பக்கத்து வால்வும் இன்சுலேஷன் விட்டுப்போன இணைப்பும் வேர்க்கும். கீழே சீலிங் டைலில் பழுப்பு வட்டம் தெரிந்தால் முதலில் அங்கே கையை வைத்துப் பாருங்கள்.