ஒரு பகலில் திரும்பிய செக்

"நான் கொடுத்த ஒன்றரை லட்ச ரூபாய் செக் பணம் போதவில்லை என்று ரிட்டர்ன் ஆகிவிட்டது. மறுநாளே அக்கவுண்ட்டில் பணம் போட்டுவிட்டேன். இனி எனக்கு என்ன ஆகும்? போலீஸ் வருமா?"

போலீஸ் வராது. ஆனால் நீங்கள் பணம் போட்டதால் மட்டும் விஷயம் முடிந்துவிடவும் இல்லை. திரும்பிய செக் தானாக மறுபடி உங்கள் பேங்குக்கு வராது. வாங்கியவர் திரும்பப் போட்டால்தான் வரும். அதனால் இன்றைக்கே அவருக்கு போன் செய்து பேசுங்கள்.

நான் பல வருடம் ஒரு பேங்கின் கிளியரிங் பிரிவில் வேலை பார்த்தவன். போன நவம்பரில் திருப்பூரில் பனியன் யூனிட் வைத்திருக்கும் என் மைத்துனருக்கும் இதேதான் நடந்தது, தொகையும் இதேதான். அவர் கதையை வைத்தே சொல்கிறேன்.

நூல் கொடுத்தவருக்கு அவர் 2025 நவம்பர் 10 தேதியிட்டு 1,50,000 ரூபாய்க்குச் செக் கொடுத்திருந்தார். அன்று காலை அக்கவுண்ட்டில் இருந்தது 1,32,000. தனக்கு வரவேண்டிய 60,000 ரூபாய் செக்கை அன்று மதியம் போட்டுவிட்டு, "நம்ம செக் நாளைக்குத்தானே பாஸுக்கு வரும்" என்று நிம்மதியாக இருந்துவிட்டார். பல வருடப் பழக்கம் அது. முன்பெல்லாம் அன்று வந்த செக்குகளை மொத்தமாகச் சேர்த்து அனுப்புவார்கள். பாஸா, ரிட்டர்னா என்பது மறுநாள்தான் முடிவாகும். அந்த ஒரு நாளை நம்பித்தான் எத்தனையோ வியாபாரம் ஓடியது.

2025 அக்டோபர் 4 முதல் அந்த ஒரு நாள் இல்லை. செக் தாள் எங்கும் பயணம் செய்வதில்லை என்பது பலருக்கும் தெரியும்: போட்ட கிளையிலேயே ஸ்கேன் செய்து, படத்தையும் அடியில் அச்சிட்டிருக்கும் எம்ஐசிஆர் எண்களையும் கிளியரிங் ஹவுஸ் வழியாகக் கொடுத்தவரின் பேங்குக்கு அனுப்புகிறார்கள். சென்னையில் 2011 முதலே இப்படித்தான். இப்போது மாறியது வேகம். ஸ்கேன் ஆக ஆக ஒவ்வொரு செக்கும் உடனே போகிறது. எதிர்ப் பேங்க் அன்று மாலை 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் செக் பாஸ் ஆனதாகவே கணக்கு.

நூல்காரர் காலை பத்தரைக்குச் செக்கைப் போட்டார். பன்னிரண்டு மணிவாக்கில் மைத்துனரின் பேங்கில் அதைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். 18,000 ரூபாய் குறைகிறது. இருக்கிற 1,32,000-ஐக் கொடுத்துவிட்டு மீதிக்குக் காத்திருக்கும் வழக்கம் பேங்கில் கிடையாது. ஒரு ரூபாய் குறைந்தாலும் முழுச் செக்கும் திரும்பும். திருப்பிவிட்டார்கள். அன்று மாலை அந்த 60,000 வரவாகி, ராத்திரி அக்கவுண்ட்டில் 1,92,000 வரை பணம் இருந்தது. அதனால் ஒரு பயனும் இல்லை.

பணம் இல்லாமல் திரும்புவது ஒரு வகை. கையெழுத்து ஒத்துப்போகாதது, தொகையில் அடித்துத் திருத்தியது, தேதி போட்டு மூன்று மாதம் கடந்தது என்று வேறு காரணங்களும் உண்டு. எதனால் என்பது திரும்பிய செக்கோடு பேங்க் தரும் சீட்டான ரிட்டர்ன் மெமோவில் இருக்கும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். "இந்தச் செக்குக்குப் பணம் கொடுக்காதே என்று பேங்குக்கு ஸ்டாப் பேமென்ட் கொடுத்துவிட்டால் கேஸ் வராது" என்று சிலர் யோசனை சொல்வார்கள். அது தவறு. கொடுக்க வேண்டிய கடன் இருந்து, ஸ்டாப் பேமென்ட்டால் செக் திரும்பினாலும், அக்கவுண்ட்டை மூடியதால் திரும்பினாலும், வழக்கு வரும் என்று உச்ச நீதிமன்றம் 1990-களிலேயே சொல்லிவிட்டது.

வழக்கு என்பது மாற்றுமுறை ஆவணச் சட்டம் 138-வது பிரிவு. செக் திரும்பிய அந்த நொடியே குற்றம் முழுமையாகிவிடுவதில்லை. உங்களுக்குச் சாதகமான இடம் இதுதான். செக் வாங்கியவர், திரும்பிய தகவல் பேங்கிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் பணம் கேட்டு எழுத்துமூலம் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். அது உங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து 15 நாள் உங்களுக்கு அவகாசம். அதற்குள் செக் தொகையைக் கொடுத்துவிட்டால் 138 அங்கேயே நின்றுவிடும். கொடுக்காவிட்டால்தான் அதற்கடுத்த ஒரு மாதத்துக்குள் அவர் மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம்.

மைத்துனருக்கு வக்கீல் நோட்டீஸ் வந்தது நவம்பர் 26. அதாவது டிசம்பர் 11 வரை நேரம். அவர் முதலில் நினைத்தது, நோட்டீஸை வாங்காமல் திருப்பி அனுப்பிவிடலாம் என்று. வேண்டாம் என்று தடுத்தேன். சரியான முகவரிக்கு வந்த பதிவுத் தபாலை வாங்க மறுத்தாலும், கிடைத்ததாகவே கோர்ட் எடுத்துக்கொள்ளும்; கையிலிருந்த 15 நாள்தான் வீணாகும். அடுத்து, "50,000 அனுப்பிவிடுகிறேன், மீதியை பொங்கலுக்குக் கொடுக்கிறேன்" என்றார். நோட்டீஸ் வந்தபின் பாதிப் பணம் கொடுப்பது காப்பாற்றாது. செக்கில் எழுதிய தொகை முழுவதும் போக வேண்டும். மீதிக்கு அவகாசம் தருவதாக எதிராளி எழுத்தில் சம்மதித்தால் வேறு விஷயம்.

செக் போடப்படும் முன்பே ஒரு பகுதியைக் கொடுத்திருந்தால் கதை வேறு. அப்போது, பெற்ற தொகையை செக்கில் குறிக்காமல் முழுத் தொகைக்கும் போட்டுத் திரும்பினால் 138 பொருந்தாது என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. உங்களுக்கு அப்படி ஏதும் இருந்தால் பணம் அனுப்பிய சான்றைத் தேடி எடுத்து வையுங்கள்.

15 நாளும் தாண்டிவிட்டால் என்ன? செக் வாங்கியவர் அக்கவுண்ட் வைத்திருக்கும் கிளை எந்த ஊரோ அந்த ஊர்க் கோர்ட்டிலிருந்து உங்களுக்குச் சம்மன் வரும். கடனுக்காகத்தான் செக் கொடுக்கப்பட்டது என்று சட்டம் முதலில் அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்களுடையது. குற்றத்தை மறுத்து வழக்கு நடத்தினால், செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால இழப்பீடாகக் கட்டும்படி கோர்ட் சொல்லலாம். தண்டனை இரண்டு வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையில் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். ஜாமீனில் வரக்கூடிய குற்றம்தான். ஆனால் சம்மனை மதிக்காமல் வாய்தாவுக்குப் போகாதவர் மேல் வாரண்ட் பிறக்கும். போலீஸ் வீட்டுக்கு வருவது பெரும்பாலும் அப்போதுதான். வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் இருவரும் சமரசம் பேசி முடித்துக்கொள்ளலாம்.

உங்களுக்கு நோட்டீஸ் வந்ததாக நீங்கள் சொல்லவில்லை. அதனால் இரண்டு வழி இருக்கிறது. செக் தேதியிலிருந்து மூன்று மாதம் ஆகாவிட்டால், அவரையே மறுபடி போடச் சொல்லலாம். அது பாஸ் ஆகும்வரை அந்தப் பணத்தைத் தொடாதீர்கள். அதைவிட நல்லது, பணத்தை அவர் அக்கவுண்ட்டுக்கு நேராக அனுப்பிவிட்டு, பழைய செக்கையும் ரிட்டர்ன் மெமோவையும் திரும்ப வாங்கிக்கொள்வது. செக்கை அவரிடமே விட்டுவைத்தால் அவர் அதை மறுபடி போட முடியும், கவனம்.

மைத்துனர் டிசம்பர் 9 அன்று 1,50,000 ரூபாயையும் நெஃப்ட்டில் அனுப்பினார். பரிவர்த்தனை எண்ணைக் குறிப்பிட்டு, வக்கீல் நோட்டீஸுக்குப் பதிவுத் தபாலில் பதில் போட்டோம். செக் ரிட்டர்னுக்கு நூல்காரரின் பேங்க் பிடித்த கட்டணத்தையும் அவரே கையில் கொடுத்துவிட்டு, செக்கை வாங்கிக்கொண்டு வந்தார்.