ஆற்றல் மாறாது என்றால் பாதை ஏன் விரிகிறது?

*கேள்வி: பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். x″ = −x + x² என்ற சமன்பாட்டுக்கு ஆற்றலைக் கண்டுபிடித்துவிட்டேன். அதிலிருந்து பாதைகளை எப்படி வரைவது என்று பிடிபடவில்லை. கணினியில் (0, 0.5) புள்ளியில் தொடங்கி, 0.1 இடைவெளியில் ஆய்லர் முறையில் வரைந்தால் கோடு வெளியே விரிந்துகொண்டே போய் எங்கோ ஓடிவிடுகிறது. நண்பர் அது மூடிய வளையம் என்கிறார். யார் சொல்வது சரி? (செங்காங் வாசகர்)*

நண்பர் சொல்வதுதான் சரி. கணினி வரைந்த கோடு அந்தச் சமன்பாட்டின் பாதை அல்ல. ஏன் அப்படி விரிந்தது என்பதற்குப் பிறகு வருகிறேன். கையால் வரையத் தெரிந்துவிட்டால், கணினி எங்கே தவறுகிறது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

வேகத்தை y என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆற்றல் E = y²/2 + V(x), இதில் V = x²/2 − x³/3. இதன் கால வகைக்கெழு y(y′ + x − x²). அடைப்புக்குள் இருப்பது சமன்பாட்டின்படி பூச்சியம் என்பதால் E மாறுவதில்லை. இயக்கம் முழுதும் மாறாமல் நிற்கும் இத்தகைய கோவையைத்தான் முதல் தொகையீடு என்கிறோம். இது கையில் இருந்தால் x(t) என்ன என்று தீர்க்கவே வேண்டாம். ஒவ்வொரு பாதையும் ஏதாவது ஒரு E மதிப்பின் சம ஆற்றல் கோட்டின் மேலேயே கிடக்கும்.

ஒரு கிராஃப் தாளை எடுத்து மேல் பாதியில் V(x)ஐ வரையுங்கள். அதற்கு நேர் கீழே, அதே x அளவுகோலில், x–y தளத்தை வரையுங்கள். இரண்டும் செங்குத்தாக ஒன்றன்கீழ் ஒன்று பொருந்த வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் சோம்பல்பட்டு, பிறகு படம் குழம்பி நிற்பார்கள். V-க்கு x = 0இல் ஒரு பள்ளம், x = 1இல் ஒரு மேடு. மேட்டின் உயரம் 1/6. அதற்கு வலப்பக்கம் V சரிந்துகொண்டே போகிறது.

இப்போது உங்கள் தொடக்கப் புள்ளியை எடுத்துக்கொள்வோம். x = 0, y = 0.5 என்றால் E = 0.125. மேல்படத்தில் அந்த உயரத்தில் ஒரு கிடைக்கோடு இழுங்கள். அது V வளைகோட்டை மூன்று இடத்தில் வெட்டும்: x ≈ −0.44, 0.67, 1.27. V கிடைக்கோட்டுக்குக் கீழே இருக்கும் இடத்தில்தான் இயக்கம் நடக்க முடியும், ஏனென்றால் y = ±√(2(E − V)); மூலக்குறிக்குள் எதிர்மம் வரக்கூடாது. ஆகவே −0.44 முதல் 0.67 வரை ஒரு மூடிய வளையம், 1.27இல் தொடங்கி வலப்பக்கம் விரியும் தனிக் கிளை ஒன்று. இரண்டுக்கும் ஒரே ஆற்றல், ஆனால் வெவ்வேறு பாதைகள். நடுவில் மேடு இருப்பதால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வழியில்லை. நீங்கள் பள்ளத்தில் தொடங்கியதால் உங்களுடையது வளையம்.

திசையை மறக்காதீர்கள். y > 0 என்றால் x கூடும், எனவே மேல்பாதியில் அம்புக்குறி வலப்பக்கம், கீழ்ப்பாதியில் இடப்பக்கம். வளையம் x அச்சைத் தொடும் இடத்தில் செங்குத்தாகத்தான் கடக்க வேண்டும். அங்கே x′ பூச்சியம், y′ பூச்சியமில்லை. சாய்வாகக் கடந்தால் படம் தவறு.

கவனம் முழுவதும் தேவைப்படுவது E = 1/6இல்தான். அந்தக் கோட்டைக் காரணிப்படுத்தினால் y² = (2/3)(x − 1)²(x + 1/2) என்று அழகாகப் பிரியும். x = −0.5இல் y = 0, x = 0இல் ±0.58, x = 0.5இல் ±0.41, x = 1இல் மீண்டும் 0, x = 1.5இல் ±0.58. இந்தப் புள்ளிகளை வைத்தாலே வடிவம் வந்துவிடும்: இடப்பக்கம் ஒரு துளி போன்ற கண்ணி, வலப்பக்கம் விரியும் இரண்டு கைகள். (1, 0) சேணப் புள்ளி. இரண்டு அச்சுக்கும் ஒரே அளவுகோல் வைத்திருந்தால், கோடுகள் அங்கே x அச்சைச் சரியாக 45 பாகையில் வெட்டும், ஏனென்றால் V″(1) = −1, சாய்வு ±1. அந்த முனையை முட்டைபோல் உருட்டி வரைவது மிகச் சாதாரணமான பிழை.

இந்த ஒரே கோட்டில் நான்கு பாதைகள் இருக்கின்றன. சேணப் புள்ளியே ஒரு பாதை. கண்ணி இன்னொன்று, அதில் கிளம்பியது சேணத்தை நெருங்கிக்கொண்டே இருக்கும், போய்ச் சேராது. கீழ்க் கை வலப்பக்கத்திலிருந்து சேணத்தை நோக்கி வரும், மேல் கை சேணத்திலிருந்து விலகிப் போகும். கண்ணிக்குள், அசையாமல் நிற்கும் (0, 0) தவிர, இருப்பவை எல்லாம் ஆடிக்கொண்டிருப்பவை. அதற்கு வெளியே, சேணத்தையும் அதை நோக்கி வரும் கீழ்க் கையையும் தவிர, எல்லாமே கடைசியில் வலப்பக்கம் ஓடிப்போகும். ஆற்றல் மாறாது என்பதாலேயே இயக்கம் கட்டுக்குள் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். x″ ஏறக்குறைய x² போல வளர்வதால், அவை வரையறுத்த நேரத்துக்குள்ளேயே முடிவிலியை எட்டிவிடும்.

இனி கணினிக்கு வருவோம். சாதாரண ஆய்லர் முறை ஒவ்வொரு அடியிலும் தொடுகோட்டின் வழியே நடக்கிறது. வளையத்தின் தொடுகோடு வளையத்துக்கு வெளியேதான் போகும். x² இல்லாத x″ = −xஇல் இதைத் துல்லியமாகப் பார்க்கலாம்: ஒவ்வொரு அடியிலும் ஆற்றல் (1 + h²) மடங்காகிறது, h = 0.1 என்றால் 1 விழுக்காடு. உங்கள் கணக்கில் 0.125க்கும் எல்லையான 0.1667க்கும் இடையே அவ்வளவு தூரமில்லை. முதல் சுற்று முடிவதற்குள் மதிப்பு எல்லையைத் தாண்டிவிடும், அடுத்த முறை வலப்பக்கம் வரும்போது மேட்டைக் கடந்து ஓடிவிடும். நீங்கள் பார்த்தது இதைத்தான்.

மாற்ற வேண்டியது ஒரே வரி. முதலில் yஐப் புதுப்பித்து, அந்தப் புதிய yஐ வைத்து xஐப் புதுப்பியுங்கள்:

```python
x, y, h = 0.0, 0.5, 0.1
for n in range(2000):
    y = y + h*(x*x - x)
    x = x + h*y
    if n % 100 == 0:
        print(n, y*y/2 + x*x/2 - x**3/3)
```

அச்சாகும் எண் 0.125ஐச் சுற்றிச் சுமார் 0.01 அளவுக்குள் ஏறி இறங்கும், ஒரே பக்கமாக நகராது. பழைய முறையில் hஐ மிகச் சிறிதாக்கினாலும் நகர்வு மெதுவாகுமே தவிர நிற்காது. எந்த முறையில் வரைந்தாலும் E-ஐயும் அச்சிட்டுப் பாருங்கள்; அது ஒரே திசையில் ஏறினாலோ இறங்கினாலோ படத்தை நம்ப வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. சமன்பாட்டில் −0.1y போன்ற உராய்வு சேர்ந்தால் E′ = −0.1y² ஆகிவிடும். அப்போது E முதல் தொகையீடு இல்லை, சம ஆற்றல் கோடுகள் பாதைகளும் இல்லை. ஆனாலும் நீங்கள் வரைந்த தாளைத் தூக்கி எறிய வேண்டாம். கண்ணிக்குள் தொடங்கும் ஒவ்வொரு பாதையும் அந்தக் கோடுகளை வெளியிலிருந்து உள்ளே வெட்டிக்கொண்டு (0, 0)ஐ நோக்கிச் சுருளும். அதே கோடுகளின் மேலேயே அதையும் வரைந்துவிடலாம்.