கட்டிலிலிருந்து கிணற்றடி வரை

கேள்வி: எனக்கு 19 வயது. 800 மீற்றர் ஓடுகிறேன். குதிக்காலுக்கு மேலே உள்ள நாணில் வலி வந்து இரண்டு மாதம் காலை அசைக்காமல் ஓய்வெடுத்தேன். வலி போய்விட்டது என்று மைதானத்துக்குப் போனால் மூன்றாம் நாளே திரும்ப வந்துவிட்டது. இயன்மருத்துவர் ஆறு மாதமாவது ஆகும் என்கிறார். எனக்குப் பொறுமை இல்லை, அக்கா. என்ன செய்வது?
– வாசகி, திருகோணமலை

பதில்: தங்கச்சி, என் அக்காவின் மகளும் இதே வழியாகத்தான் வந்தாள். அவள் 400 மீற்றர் ஓடுபவள். அவளும் முதலில் இரண்டு மாதம் சும்மா இருந்தாள். ஓய்வில் வலி அடங்கும், ஆனால் நாண் பலம் பெறாது. பாரம் தாங்கினால்தான் அது தன்னைத் திருத்திக்கொள்ளும். சும்மா இருந்த நாணோடு நேரே ஓட்டத்துக்குப் போனால் அது தாங்காது. உங்களுக்கு மூன்றாம் நாளில் நடந்தது அதுதான்.

அவளுக்கு வலி குதிக்கால் எலும்பிலிருந்து நாலு விரல் மேலே இருந்தது. இயன்மருத்துவர் முதலில் ஓடச் சொல்லவில்லை. முன்பாதத்தில் எழும்பி, அசையாமல் 45 விநாடி நிற்க வேண்டும், அப்படி ஐந்து தடவை. அது பழகிய பிறகு பின்வாசல் படியில் முன்பாதத்தை வைத்து, மூன்று விநாடி எடுத்து மேலே எழும்பி, மூன்று விநாடி எடுத்துக் கீழே இறங்க வேண்டும். ஒரு சுற்றுக்கு 15, மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள் மட்டும். மற்ற நாட்கள் நாணுக்கு. பாரத்துக்குப் பிறகு அது திருந்த ஒன்றிரண்டு நாள் வேண்டும். நாளாக ஆக, முதுகில் பழைய பள்ளிக்கூடப் பையை மாட்டி அதற்குள் ஐந்து கிலோ அரிசிப் பொதி வைத்தாள், பிறகு பத்து. பாரம் கூடக் கூட 15 என்பது எட்டாகவும் ஆறாகவும் குறைந்தது.

அவளை மாற்றியது ஒரு பயிற்சிக் கொப்பி. செய்யும்போது வலி பத்துக்கு மூன்று, நாலு என்றால் பயமில்லை, மறுநாள் காலையைப் பார் என்றார் அவர். இந்த நாண் அன்றைக்கே பதில் சொல்லாது. ஆகவே அவள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கி, விறைப்பு விடும்வரை எத்தனை அடி நொண்டுகிறாள் என்று எண்ணி எழுதினாள். முதல் வாரம் 22. கிணற்றடிக்குக் கிட்டப் போய்விடுவாள். ஏழாவது வாரம் 4.

நாலு என்றதும் அவளுக்குக் கால் சும்மா இருக்கவில்லை. டச்சு விரிகுடா மணலில் சிநேகிதிகளோடு வெறுங்காலில் ஆறு வேக ஓட்டம் ஓடினாள். ஓடும்போது துளிகூட வலி இல்லை. மணலில் குதிக்கால் புதையும், ஒவ்வொரு அடியிலும் நாண் அதிகம் இழுபடும் என்று அவளுக்குத் தெரியாது. மறுநாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். கொப்பியில் 30. அதைப் பார்த்து அழுதாள், நானும் பக்கத்தில் இருந்தேன்.

ஆனால் திரும்பப் பூச்சியத்துக்குப் போகவில்லை. பையில் பாரத்தைக் குறைத்து, இரண்டு வாரத்துக்கு முன் செய்த அளவுக்கு இறங்கினாள். பத்து நாளில் எண்ணிக்கை பழையபடி வந்தது. அதற்குப் பிறகு ஒரு புதிய பயிற்சி சேர்த்தால் அடுத்த நாள் காலையை எண்ணாமல் இன்னொன்றைச் சேர்க்கவே இல்லை. நாலாம் மாதம் ஒற்றைக்காலில் சின்னத் துள்ளல், அப்புறம் ஒரு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை, அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள், மட்டமான தரையில். ஆணிச் சப்பாத்து கடைசியில்தான். அதில் குதிப்பகுதி தாழ்ந்திருப்பதால் நாணுக்குப் பாரம் கூடும். எட்டாம் மாதம் அவள் முழு 400 மீற்றரையும் ஓடினாள். பழைய நேரத்தைவிட ஒன்றரை விநாடி கூட. அடுத்த நாள் காலை எண்ணிக்கை 2.

உங்கள் வலி எலும்போடு ஒட்டிய இடத்தில்தான் என்றால், குதிக்காலைப் படிக்குக் கீழே இறக்க வேண்டாம், மட்டத் தரையிலேயே செய்யுங்கள். வலியைக் குறைக்க நாணில் ஸ்டீரோய்ட் ஊசி போடச் சொன்னால் உடனே சம்மதிக்க வேண்டாம். அது நாணைப் பலவீனமாக்கி அறுந்துபோகவும் வைக்கலாம். யாரோ பின்னால் உதைத்ததுபோல் ‘டக்’ என்று கேட்டு, முன்பாதத்தில் எழும்ப முடியாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சரி, நாளைக் காலை கட்டிலை விட்டு இறங்கும்போது எண்ணத் தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்து, முதல் நாள் எத்தனை அடி, இப்போது எத்தனை அடி என்று எனக்கு எழுதுங்கள்.