தூங்க மறுக்கும் பையன்

"கணவர் இறந்து 3 மாதம். 6 வயது மகனிடம் 'அப்பா தூங்குறார்'னு சொன்னோம். இப்போ ராத்திரி தூங்க மாட்டேங்கிறான், படுக்கையை நனைக்கிறான். பகலில் சிரிச்சு விளையாடுறான். டாக்டரிடம் காட்டணுமா?"

சகோதரி, அவன் பயப்படுவது அந்த 'தூங்குறார்' என்ற சொல்லுக்குத்தான். தூங்கிய அப்பா எழவே இல்லையே! இன்றே மடியில் வைத்து நேராகச் சொல்லுங்கள்: "அப்பா செத்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யுறதை நிறுத்திடுச்சு, திரும்பி வர மாட்டார். தூங்குறது வேற, நீ காலையில எழுந்திருவே." திரும்பத் திரும்பக் கேட்பான், அதே பதிலைச் சொல்லுங்கள்.

"உன்னால இல்லடா" என்றும் சொல்லுங்கள். மேலூரில் என் அக்கா மகள், தான் அடம்பிடித்ததால்தான் அப்பா போனார் என்று மாதக்கணக்கில் மனசுக்குள் வைத்திருந்தாள். ஒருநாள் அவர் செருப்பைத் துடைத்துக்கொண்டே அதைச் சொன்னாள்.

குழந்தைகள் விட்டு விட்டுத்தான் துக்கப்படுவார்கள். பகலில் விளையாடுவதும், படுக்கை நனைவதும் இந்தக் கட்டத்தில் இயல்பு. திட்டாதீர்கள்.

ஆனால் 6 மாதம் தாண்டியும் ஏக்கம் தினமும் வாட்டி, சாப்பாடு, பள்ளி, விளையாட்டு எல்லாம் நின்றுபோனால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். மதுரை ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. "அப்பாகிட்டப் போறேன், சாகணும்" என்று சொன்னால் அன்றே போங்கள்.

உங்களுக்கும் அப்படித் தோன்றினால் ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம்.