மோரில் கால் ஸ்பூன் உப்பு

மேடம்,

செவ்வாய்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். 41 வயது, 84 கிலோ. சுகர், பி.பி. இரண்டும் இல்லை, போன மாதம்தான் பார்த்தேன். திங்கட்கிழமையிலிருந்து சாப்பாட்டைக் குறைத்திருக்கிறேன். காலையில் ஐந்து இட்லி இரண்டாகிவிட்டது. மதியம் ஒரு கரண்டி சோறும் பொரியலும், ராத்திரி உப்பில்லாத ஓட்ஸ் கஞ்சி. ஊறுகாய், தட்டுவடை செட் எல்லாம் நிறுத்தம். காபியும் ஞாயிறு சாயங்காலத்தோடு சரி. தண்ணீர் மட்டும் நாலு லிட்டர் குடிக்கிறேன். திங்கள் சாயங்காலம் பிடித்த தலைவலி இன்னும் விடவில்லை. பட்டறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டு எழுந்தால் கண் இருட்டுகிறது. பசி வேறு. வெள்ளிக்கிழமை காலை எடை பார்த்தால் 2.3 கிலோ குறைந்திருக்கிறது. வீட்டில் விட்டுவிடச் சொல்கிறார்கள். உடம்பு கெடுகிறதா, இல்லை முதல் வாரம் இப்படித்தான் இருக்குமா?

வாசகர், சேலம்

*

அன்புள்ள தம்பி,

பசி முதல் வாரத்தில் இருக்கத்தான் செய்யும். மற்ற இரண்டும் நீங்களாக வரவழைத்துக்கொண்டவை. அதனால் சரிசெய்வதும் சுலபம்.

அந்த 2.3 கிலோவிலிருந்து தொடங்குகிறேன், காரணம் அதற்குள்தான் இருக்கிறது. நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டைக் கூட்டினால் நாளைக்கு 900 கலோரிகூடத் தேறாது. உங்கள் எடைக்கும் வேலைக்கும் சுமார் 2300 வேண்டும். ஆக நாளுக்கு 1400 குறைகிறது, நாலு நாளில் 5600. ஒரு கிலோ கொழுப்பு கரைய ஏறக்குறைய 7700 கலோரி குறைய வேண்டும். அப்படியென்றால் உங்களிடம் கரைந்த கொழுப்பு முக்கால் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. மீதி ஒன்றரை கிலோ எங்கே போனது? பெரும்பாலும் கழிவறைக்கு.

கல்லீரலிலும் தசையிலும் அவசரத் தேவைக்கென்று சுமார் அரை கிலோ சர்க்கரைச் சத்து இருப்பு இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாடு குறைந்ததும் முதலில் இந்த இருப்புதான் கரையும், பிடித்து வைத்த தண்ணீரும் கூடவே வெளியேறும். சோறும் இட்லியும் குறைந்தால் இன்சுலினும் இறங்கும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பைப் பிடித்து வைக்காமல் வெளியே விட்டுவிடும். உப்பு போகும் வழியில் தண்ணீரும் போகும். இது எல்லாருக்கும் நடப்பதுதான்.

நீங்கள் அதற்கு மேல் இரண்டு காரியம் செய்திருக்கிறீர்கள். ஊறுகாய், சட்னி, தட்டுவடை என்று உப்பு வரும் வழியையெல்லாம் ஒரே நாளில் அடைத்துவிட்டீர்கள். காற்றாடி போட்டால் தீ அலையும் என்று புழுக்கத்தில் உட்கார்ந்து பற்றவைக்கிற வேலை, வேர்வையிலும் உப்பு போகிறது. அதன் மேல் நாலு லிட்டர் வெறும் தண்ணீர். உப்பில்லாத தண்ணீர் உடம்பில் தங்காது, வந்த வழியே போய்விடும். இரத்த ஓட்டத்தில் அளவு குறைந்திருக்கும்போது தரையிலிருந்து சட்டென்று எழுந்தால் இரத்தம் காலில் இறங்கி நின்றுவிடுகிறது, தலைக்கு எட்டச் சில விநாடி பிந்துகிறது. கண் இருட்டுவது அந்த விநாடிகள்தான்.

நானும் இதில் மாட்டியிருக்கிறேன். சாப்பாட்டைக் குறைத்த நாலாம் நாள், அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுச் சாலையில் நடந்தே ஏறுகிறேன் என்று கிளம்பினேன். இருபது கொண்டை ஊசி வளைவில் ஐந்தைக்கூடத் தாண்டவில்லை, ஓரச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். கையிலிருந்த இரண்டு லிட்டர் பாட்டில் முக்கால் காலி, அதனால் தண்ணீர் போதவில்லை என்று சொல்ல வழியில்லை. கொய்யா விற்ற ஓர் அம்மா நாலு கீற்று நறுக்கி, உப்பு மிளகாய்த்தூளில் புரட்டிக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் எழுந்து நடந்தேன், கீழே இறங்கத்தான். ஊருக்கெல்லாம் டயட் சொல்கிறவளுக்கு அன்றைக்கு அந்த அம்மாதான் டயட்டீஷியன்.

நாளை காலை 11 மணிக்கு ஒரு டம்ளர் மோரில் கால் டீஸ்பூன் உப்பு போட்டுக் குடியுங்கள். சுமார் ஒன்றரை கிராம் வரும். 4 மணிக்கு இன்னொன்று. மோர் பிடிக்காவிட்டால் ரசம். ஒரு மணி நேரத்துக்குள் எழும்போது வரும் கிறுகிறுப்பு குறைந்தால் காரணம் அதுதான். தண்ணீரை இரண்டரை, மூன்று லிட்டருக்கு இறக்கி, தாகத்துக்குக் குடியுங்கள். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் மாதிரி போனால் அதிகம் குடிக்கிறீர்கள். பட்டறையில் எழும் முன் காலை நீட்டிப் பாதத்தை இருபது தடவை மேலும் கீழும் ஆட்டி, ஒரு முக்காலியில் ஏறி உட்கார்ந்து, பிறகு எழுங்கள்.

தலைவலிக்கு எனக்குக் காபி மேல்தான் சந்தேகம். தினம் குடிக்கிறவர் நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் வலி பிடிக்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரம்கூட நீடிக்கும். ஞாயிறு சாயங்காலத்தையும் திங்கள் சாயங்காலத்தையும் சேர்த்துப் பாருங்கள். காபியில் எடை போடுவது இரண்டு ஸ்பூன் சர்க்கரை, அது 40 கலோரி. அதை மட்டும் விடுங்கள், காபியை விடாதீர்கள். ஏற்காட்டுக் கொட்டையைக் கையருகே வைத்துக்கொண்டு சேலத்துக்காரர் காபியை நிறுத்துவது எனக்கு ஒப்பவும் இல்லை. நிறுத்தியே தீருவேன் என்றால் இரண்டு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள். ஆனால் நாளைக்கு மோர் மட்டும், நாளை மறுநாள் காபி. இரண்டையும் ஒன்றாகத் தொடங்கினால் எது கேட்டது என்று தெரியாமல் போகும்.

பசிக்கு வருகிறேன். வழக்கமாகச் சாப்பிடும் நேரத்தில் அலை மாதிரி எழும், வயிறு இரையும், கொஞ்ச நேரத்தில் தானே அடங்கும். அது பரவாயில்லை. கை நடுங்கி, குளிர்ந்து வேர்த்து, பேச்சுத் தடுமாறினால் அது பசி அல்ல, சர்க்கரை இறங்குவது. உடனே மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். சுகர் மாத்திரை போடுகிறவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். உங்களுக்கு அது இல்லை, ஆனால் 900 கலோரியில் யாருக்கும் பசி அடங்காது. 1700, 1800-க்கு ஏற்றுங்கள்: காலையில் மூன்று இட்லியும் சாம்பாரும் ஒரு முட்டையும், மதியம் இரண்டு கரண்டி சோறு, ரசம், பொரியல், சாயங்காலம் ஒரு கிண்ணம் பச்சைப்பயறு சுண்டல், ராத்திரி கஞ்சிக்குப் பதில் இரண்டு சப்பாத்தியும் பருப்பும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. பி.பி. மாத்திரையோ நீர் மாத்திரையோ எடுப்பவர்கள், சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ உள்ளவர்கள் இந்த மோர்க் கணக்கைத் தொடாதீர்கள். சாப்பாடு குறைந்தால் பி.பி.யும் இறங்கலாம், மாத்திரை அளவை மாற்ற வேண்டிவரலாம். அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். தம்பி, நீங்களும் இரண்டு நாள் உப்புக்குப் பிறகும் கண் இருட்டினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே தலை சுற்றினாலோ, மயங்கி விழுந்தாலோ, நெஞ்சு வலித்தாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள்.

குழம்பும் ரசமும் வழக்கப்படி தட்டுக்கு வந்ததும் தனி உப்பு வேண்டாம், மோரில் ஒரு சிட்டிகை போதும். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற அளவு எல்லாம் சேர்த்து நாளைக்கு 5 கிராமுக்குள். இன்னொன்று, மோர் குடிக்கத் தொடங்கிய மறுநாள் எடை மெஷினில் அரை கிலோ, ஒரு கிலோ ஏறிக் காட்டும். கழிவறைக்குப் போன தண்ணீரில் கொஞ்சம் திரும்பி வருகிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்து மறுபடி உப்பை நிறுத்திவிடாதீர்கள்.