பிரஷர் மாத்திரை காலையிலா, ராத்திரியா?

அப்பாவுக்கு 70 வயசு, டெல்மிசார்ட்டான்-ஹெச் போடுறார். காலையிலா ராத்திரியா எப்போ போடணும்? படுக்கையிலிருந்து எழுந்தா தலை சுத்துதுங்கிறார்.

பொதுவாக எந்த நேரமானாலும் பலன் ஒன்றுதான். 2022-இல் வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வில் மாரடைப்பிலும் பக்கவாதத்திலும் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் உங்கள் அப்பாவுக்குக் காலையே நல்லது. அந்த 'ஹெச்' சிறுநீரைக் கூட்டும் மருந்து. ராத்திரி போட்டால் பாத்ரூமுக்கு எழ வேண்டிவரும், இருட்டில் விழுவதும் அப்போதுதான்.

தலைசுற்றலை அளந்தே பாருங்கள். 5 நிமிடம் படுக்கவைத்து பிரஷர் எடுங்கள். நிற்கவைத்து 1-ஆவது, 3-ஆவது நிமிடத்தில் மறுபடி எடுங்கள். படுத்தபோது 138/80, நின்றதும் 112/70 என்றால், மேல் எண் 26 குறைந்திருக்கிறது. 20 குறைந்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். சென்னை மே மாத வியர்வையில் இது இன்னும் மோசமாகும். புராஸ்டேட் மாத்திரை போடுகிறார் என்றால் அதையும் சொல்லுங்கள், பலரும் விட்டுவிடுகிறார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். அதுவரை, எழும்போது கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, கணுக்காலை ஆட்டிவிட்டு நிற்கட்டும். மயங்கி விழுந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.