நெய்யில் அல்ல, தயிரில் தொடங்குங்கள்

கேள்வி: எங்களிடம் 2 கலப்பின மாடுகள் இருக்கின்றன. வீட்டுக்குப் போக தினமும் 10 லிட்டர் பாலை சொசைட்டிக்கு 36 ரூபாய்க்கு ஊற்றுகிறோம். தயிர், நெய், பன்னீர் என்று செய்து விற்றால் கூடுதலாகக் கிடைக்குமா? எதில் தொடங்கலாம்?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: கிடைக்கும், ஆனால் நெய்யில் தொடங்காதீர்கள். கிலோ 800 ரூபாய் என்றதும் மனசு அங்கேதான் ஓடும். கணக்கை நெய்க்குப் போடாமல் பாலுக்குப் போட்டுப் பாருங்கள். கலப்பின மாட்டுப் பாலில் கொழுப்பு 4 சதவீதத்தை ஒட்டி இருக்கும். 10 லிட்டரையும் உறை ஊற்றிக் கடைந்து உருக்கினால் 350 கிராம் நெய் தேறும். அது 280 ரூபாய். அதே பாலுக்கு சொசைட்டியில் 360 வருகிறது. மோரையும் வாங்க ஆள் இருந்தால்தான் நெய் கட்டுப்படியாகும்.

பன்னீர் 10 லிட்டருக்கு 1.3 முதல் 1.5 கிலோ வரை வரும். கிலோ 320 என்றால் சுமார் 450 ரூபாய். எரிவாயுச் செலவு போக மிச்சம் கொஞ்சம்தான். பசும்பால் பன்னீர் எருமைப்பால் பன்னீர் போலக் கெட்டியாகவும் இருக்காது, ஃபிரிட்ஜில் வைத்தாலும் சில நாள்தான் தாங்கும். விசேஷ வீட்டு ஆர்டர் வந்தால் மட்டும் செய்யுங்கள்.

தயிரில் பால் குறைவதில்லை. லிட்டர் 60 ரூபாய்க்குப் போனால் 10 லிட்டருக்கு 600. கப், எரிபொருளுக்கு 60, 70 ரூபாய் கழித்தாலும் சொசைட்டியை விட 170 ரூபாய் கூட நிற்கும். ஆனால் முதலில் 3 லிட்டர் மட்டும் போடுங்கள். சொசைட்டியை விட்டுவிட வேண்டாம், தயிர் விற்காத நாளில் கைகொடுப்பது அதுதான்.

பாலைக் காய்ச்சி, சிறு தீயில் 10 நிமிடம் வைத்து இறக்குங்கள். விரல் தாங்கும் இளஞ்சூட்டில், அதாவது 40 டிகிரி அளவில், லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி உறை கலந்து, உடனே விற்கும் கப்பிலேயே ஊற்றிவிடுங்கள். பெரிய பாத்திரத்தில் உறைய விட்டு அள்ளிப் போட்டால் தயிர் உடைந்து தண்ணீர் விடும். 5, 6 மணி நேரத்தில் உறைந்ததும் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். கப்பின் மேல் தண்ணீர் நின்றால், சூடு அதிகமாக இருக்கும்போதே உறை ஊற்றியிருப்பீர்கள், அல்லது வெளியே வெகுநேரம் வைத்துப் புளிக்க விட்டிருப்பீர்கள்.

விற்காமல் புளித்த தயிரைக் கடைந்து வெண்ணெய் சேருங்கள். நெய் அதிலிருந்து வரட்டும். உருக்கும்போது சலசலப்பு அடங்கி, அடியில் கசடு பொன்னிறமாகும் வரை வைக்க வேண்டும். ஈரம் தங்கினால் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும்.

இன்னொன்று. வழக்கம்போலச் செய்தும் ஒரு நாள் தயிர் உறையவே இல்லை என்றால், மடிநோய்க்கு மாட்டுக்கு ஊசி போட்டார்களா என்று யோசியுங்கள். அந்த மருந்து பாலில் இறங்கி உறையைக் கொன்றுவிடும். டாக்டர் சொல்லும் நாள்கள் வரை அந்த மாட்டுப் பாலைத் தயிருக்கும் எடுக்காதீர்கள், சொசைட்டிக்கும் ஊற்றாதீர்கள். அப்புறம், விற்கத் தொடங்கும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துவிடுங்கள். சிறு வியாபாரத்துக்கும் அது கட்டாயம்.